கருவுற்ற காலத்தில் கை மரத்துப் போவது ஏன்?

கருவுற்று ஏழெட்டுத் திங்கள் ஆன பெண்கள் சிலர், நள்ளிரவில் விழித்துக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நம் குடும்பங்களிற் காண்கிறோம். ஊரிலுள்ள பாட்டி ‘வாயு’ என்பார். அடுத்த வீட்டார் ‘இரத்தக் குறைவு’ என்பார். காரணம் பெரும்பாலும் மணிக்கட்டிலேயே இருக்கின்றது.

மணிக்கட்டின் உட்புறத்தே சிற்றெலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து குறுகிய குகை ஒன்றை அமைத்துள்ளன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. கர்ப்ப காலத்தில் உடலில் நீர் மிகுகின்றது. குகையோ விரிவதில்லை, ஆகவே நரம்பு நசுங்குகின்றது. மருத்துவர் இதனைக் ‘கார்ப்பல் டனல்’ என்பர். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மதமதக்கும்; சுண்டுவிரல் தப்பிவிடும். இதுவே நல்ல அடையாளம்.

இரவில் ஏன் மிகுகின்றது? உறக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கினால் குகையில் அழுத்தம் ஏறும். எட்டாம் திங்களிலிருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் சப்பாத்தி மாவு பிசைகிறாள். வளைகாப்பில் அணிந்த கண்ணாடி வளையல்கள் வீங்கிய கையில் இறுகியிருக்கின்றன. கையைத் தலைக்கடியில் மடித்துத் தூங்குகிறாள். அவளுக்கு முதலில் வேண்டுவது மருந்தன்று. மோதிரத்தையும் இறுகிய வளையல்களையும் காலத்தே கழற்றிவிடவேண்டும். மாவு பிசைவதை வேறொருவர் ஏற்கட்டும். மருந்துக் கடைகளில் மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும். அதனை இரவில் அணியவேண்டும். சில பட்டைகளின் உள்ளிருக்கும் தகடு கையைப் பின்னோக்கி வளைத்தே வைக்கும். அத்தகட்டை நேராக்கிக்கொள்ளல் நன்று. விரல்கள் தடையின்றி அசையவேண்டும். துணியை வரிந்து கட்டுவது நரம்பை மேலும் நெருக்கும்.

வலி மிகுந்தால், மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் கொள்ளலாம். ஐபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கேளாமல் தொடலாகாது. 20 வாரத்துக்குப் பின் அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வீக்கம் வடியவென்று தாமே நீர்ப்போக்கி மாத்திரை விழுங்குவதும், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தவறு. கட்டைவிரல் வலுவிழந்து, டம்ளர் கைநழுவினாலோ, பொத்தான் போட முடியாமற் போனாலோ, மருத்துவரிடம் காட்டுவதற்குத் தாமதிக்கலாகாது. சிலருக்கு மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவர். அறுவை அரிதாகவே தேவைப்படும்.

ஒன்றை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. முகமும் கைகளும் திடீரென வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவற்றுள் ஏதேனும் சேர்ந்தால், அது இரத்த அழுத்த நோயாயிருக்கலாம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேற்பட்டிருப்பினும் அவ்வாறே. மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்; சிறுநீரிற் புரதம் உண்டா என்றும் அங்கே பார்ப்பர்.

மகப்பேற்றுக்குப்பின் நீர் வடியவே, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ திங்கள்களிலோ மரப்பு மறையும். பாலூட்டுங்கால் சிலருக்கு அது நீடிப்பதுண்டு. அப்போது குழந்தையின் தலையை மடங்கிய மணிக்கட்டில் தாங்காமல், தலையணை மீது வைத்து முன்கையால் அணைத்துக்கொள்ளலாம்.