எஸ்.ஜி.பி.டி. குறைந்தால் நோய் குறைந்துவிட்டதா?

மஞ்சள் காமாலை நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறோம்.

இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்து, பின்னர் கண்கள் மஞ்சளாகின்றன. பிலிருபின் 8, எஸ்.ஜி.பி.டி. 2,400, ஆல்கலைன் பாஸ்படேஸ் 150. எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி. அதன் இயல்பான அளவு ஏறத்தாழ 40. அது ஆயிரங்களில் உயர்ந்து, ஆல்கலைன் பாஸ்படேஸ் சற்றே கூடியிருந்தால், பாதிப்பு செல்களில் என்று கொள்கிறோம். பித்தநாளத்தில் நாட்பட்ட அடைப்பு இருந்தால் பெரும்பாலும் இதற்கு மாறாக, ஆல்கலைன் பாஸ்படேஸ் பல மடங்கு உயரும். மலம் வெளுத்து, உடல் அரிக்கும்.

அடுத்து, காரணம் எது என்று பார்க்கிறோம். இவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வைரசுக்கான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் இருக்கிறது. இது அண்மைத் தொற்றின் அடையாளம். ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்திருந்தால், முன்பே வந்துபோன தொற்றையோ தடுப்பூசியையோ குறித்திருக்கும். ஹெபடைட்டிஸ் பி தொற்றைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இவரிடம் இல்லை.

ஐந்தாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 600 ஆகக் குறைகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் பிலிருபின் 16 ஆகவும், இரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.1இலிருந்து 1.9 ஆகவும் உயர்ந்திருக்கின்றன. பகலெல்லாம் அவர் உறங்குகிறார்.

இங்குதான் கவனம் வேண்டும். எஸ்.ஜி.பி.டி. கல்லீரலின் வேலைத்திறனை அளப்பதில்லை. சிதைந்த செல்களிலிருந்து கசிந்ததையே காட்டுகிறது. சிதைவு நின்றாலும் அது குறையும். சிதைவதற்குச் செல்களே மிஞ்சாதபோதும் குறையும். எது நிகழ்கிறது என்பதை ஐ.என்.ஆர். உணர்த்துகிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரலே உருவாக்குவதால், அது தளரும்போது ஐ.என்.ஆர். ஏறுகிறது. குணமடைந்து வருபவருக்கும் பிலிருபின் சில நாட்கள் ஏறக்கூடும். ஆனால் அவருடைய ஐ.என்.ஆர். இயல்பாக இருக்கும் அல்லது இறங்கிவரும், மனமும் தெளிவாக இருக்கும். ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டி, நினைவும் மங்கினால் அது கல்லீரல் செயலிழப்பு. அத்தகையவரைக் கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

ஹெபடைட்டிஸ் ஏ தாக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். எனினும் வீட்டிலிருப்போர் சில அறிகுறிகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் தடுமாற்றம், ஆளை அடையாளம் காண முடியாமை, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். உறக்கமில்லை என்று தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். அது மயக்கத்தை ஆழமாக்கி, நோயின் அறிகுறியையும் மறைத்துவிடும்.