புகையை விட்ட பிறகுதான் இருமல் வருகிறதா?

"சிகரெட் பிடிச்சப்ப இவ்வளவு இருமல் இல்லையே தம்பி. விட்டதுதான் தப்போ?" எங்கள் நிலையத்தில் ஒலிப்பதிவு பார்க்கும் அண்ணன் கேட்டார். 15 ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவர். விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிக நுண்ணிய முடிகள் இருக்கின்றன. சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப்போட்டுவிடும். புகை நின்றதும் அவை மெல்ல மீண்டு, தேங்கிக் கிடந்த சளியைத் தள்ளத் தொடங்குகின்றன. அண்ணனுக்கு வந்த இருமல் அதுதான். சில வாரங்கள் நீடிக்கலாம். எல்லோருக்கும் வருவதும் இல்லை.

எரிச்சல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. மூன்றாம் நாள், ஒலிவாங்கியை யாரோ இடம் மாற்றியதற்கு அவர் போட்ட சத்தம் அடுத்த அறைக்கே கேட்டது. நிகோடினுக்குப் பழகிய மூளை அது கிடைக்காமல் தவிக்கும் நேரம் அது. விட்ட ஒரு நாளுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இது தணியும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் கோப்பி. புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரல் கெஃபீனை வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே கோப்பி உடலில் அதிக நேரம் தங்குகிறது. அண்ணன் வழக்கம்போல் நாளுக்கு நான்கு கோப்பி-ஓ குடித்தார். படபடப்பு, தூக்கமின்மை. இரண்டாகக் குறைத்ததும் ஓரளவு தூங்கினார். சில மாத்திரைகளுக்கும் இதே கதைதான். மனநல மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள், புகையை விடுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாரம் கால்சட்டை இறுகியது. நிகோடின் பசியை அடக்குவதோடு உடல் எரிக்கும் சக்தியையும் சற்றுக் கூட்டும். இரண்டும் ஒன்றாக நிற்கும்போது எடை கூடுவது இயல்பு. முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். விட்ட முதல் வாரத்திலேயே கடுமையான டயட் தொடங்குவது, என்னைக் கேட்டால், பசியோடு சண்டையை இரட்டிப்பாக்குவதுதான். கைக்கு எட்டும் தூரத்தில் முறுக்குக்குப் பதில் கொய்யா இருந்தால் போதும்.

எது இயல்பல்ல? சளியில் ரத்தம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், காய்ச்சலோடு வரும் இருமல், எட்டு வாரம் கடந்தும் நிற்காத இருமல், காரணமின்றி எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேலும் நீங்காத மனச்சோர்வு. இவற்றைப் புகையை விட்ட கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் காத்திருக்கவே கூடாது. தவிப்பு மட்டும் தாங்க முடியவில்லை என்றால், நிகோடின் பட்டையும் சூயிங்கமும் மருந்தகங்களில் கிடைக்கின்றன. எந்த அளவு தேவை என்பதை மருந்தாளரே சொல்வார்.