சிலம்பு உடையும் நொடி: பள்ளி நாடகத்துக்கு ஒளி, ஒலிக் குறிப்புத் தாள்

நாடகத்தின் எந்த நொடியில் எந்த விளக்கு மாற வேண்டும், எந்த ஒலி எழ வேண்டும், அதை யார் செய்வது என்று எழுதி வைக்கும் தாளை மேடைக்காரர்கள் ‘க்யூ ஷீட்’ என்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு ‘க்யூ’. பள்ளி நாடகங்களில் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பேர்தான் இருப்பார்கள்: வசனப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்புக் கொடுப்பவர், விளக்குப் பலகையில் ஒருவர், மடிக்கணினியில் ஒலிகளை ஓட்ட ஒருவர்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் காட்சியை எட்டு நிமிட நாடகமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஆறு ஒளி மாற்றங்களும் மூன்று ஒலிகளும் போதும். ஒளிக்கு 1, 2, 3 என்று எண் இடுவது வசதி. ஒலிக்கு எண்ணோ அ, ஆ என்ற எழுத்தோ வேண்டாம். இருட்டில் கிசுகிசுக்கும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகவே கேட்கும். முரசு, சிலம்பு, தம்பூரா என்று ஒலியின் பெயரையே வைத்தால் குழப்பம் வராது.

தாளின் முதல் கட்டத்தில் க்யூவின் பெயர். இரண்டாவதில் அது எப்போது நிகழ வேண்டும் என்ற அடையாளம். மூன்றாவதில் மேடை எப்படி இருக்க வேண்டும் என்பதும் மாற்றத்துக்கு எத்தனை நொடி என்பதும். நான்காவதில் செய்பவர்.

இவற்றில் அதிக யோசனை வேண்டுவது இரண்டாவது கட்டம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொல்கிறாள்; தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் மன்னன். பிறகு அவள் சிலம்பை உடைக்கிறாள். ‘மாணிக்கம் என்று சொன்னதும் சிலம்பு ஒலி’ என்று எழுதினால் பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் அந்தச் சொல் வசனத்தில் மூன்று இடத்தில் வந்தால், முதல் இடத்திலேயே ஒலி எழுந்துவிடும். சரியான இடத்தில் எழுந்தாலும், நடிக்கும் மாணவி அன்றைக்கு ஒரு மூச்சு நிதானித்துக் கையை ஓங்கினால், உடையாத சிலம்பு உடைந்ததாகக் கேட்கும். ஆகவே இங்கே அடையாளம் சொல் அன்று. கை கீழே இறங்கும் அசைவு. அதனால் ஒலியை ஓட்டுபவர் மேடை தெரியும் இடத்தில்தான் உட்கார வேண்டும்.

ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் உள்ள அரை நொடி மௌனத்தை வெட்டிவிடுவதும், புளூடூத்தை விட்டுக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துவதும் அவசியம். இல்லாவிட்டால் விசையைச் சரியாக அழுத்தினாலும் ஒலி பிந்தும். ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவைக்க வேண்டும்; மன்னன் பேசத் திணறும் மௌனத்தில் தம்பூரா தொடங்கிவிட்டால் காட்சியே போய்விடும்.

மூன்றாவது கட்டத்தில் ‘சிவப்பைக் கூட்டு’ என்று மாற்றத்தை மட்டும் எழுதுவது வழக்கமான பிழை. ‘ஒளி 3: கண்ணகி மேல் சிவப்பு பாதி, அரியணை மேல் மஞ்சள் முழுதும், மற்றவை அணைவு, 10 நொடி’ என்று மேடையின் முழு நிலையையும் எழுத வேண்டும். ஒளி 2 தவறிப்போனாலும், 3ஐப் படித்த கை விளக்குகளைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தவறிய க்யூவைப் பிந்திப் போடக் கூடாது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதே முறை.

குறிப்புக் கொடுப்பவர் அரைப் பக்கம் முன்னதாக “ஒளி 3, தயார்” என்பார். பலகையில் இருப்பவர் “தயார்” என்று பதில் தருவார். நேரம் வந்ததும் “ஒளி 3, போ”. எண் முன்னால், ‘போ’ கடைசியில். அந்தக் கடைசிச் சொல்லில்தான் விரல் அசையும். அதனால் நாடகம் முடியும்வரை திரைக்குப் பின்னால் வேறெதற்கும் யாரும் ‘போ’ என்று சொல்லக் கூடாது. சிலம்பு ஒலிக்கு மட்டும் ‘தயார்’ போதும். அதன்பின் கண்ணே குறிப்பு.

விளக்கையும் ஒலியையும் ஒருவரே கவனிக்க நேர்ந்தால், ஒரே நொடியில் விழும் இரண்டைப் பிரித்துவிட வேண்டும். மன்னன் அரியணையிலிருந்து சாயும்போது தம்பூரா முதலில் எழட்டும். இரண்டு நொடி கழித்து ஒளி 5 மெல்லத் தணியட்டும். இரண்டும் சேர்ந்து வருவதைவிட இது உருக்கமாகவும் இருக்கும்.

தாளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். வசனங்களைத் தாண்டி, க்யூ வரும் இடங்களை மட்டும் நடிகர்களோடு ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையில் பாதி அடையாளங்கள் மாறிவிடும். புதிதாக ஒன்று சேர்ந்தால் 3க்கும் 4க்கும் இடையில் 3.5 என்று எழுதினால் போதும். மற்ற எண்கள் அப்படியே நிற்கும். கடைசி ஒத்திகைக்குப் பிறகு திருத்திய தாளை மூன்று படி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, படிக்கும் டார்ச்சின் கண்ணாடியில் நீலக் காகிதம் ஒட்டிவிட்டால், அதன் வெளிச்சம் பக்கத்திரையைத் தாண்டி மேடையில் விழாது.