பெரிய முதலாளி, சின்ன முதலாளி

குடும்பத் தொழிலில் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உறவுகள் இருக்கும். வீட்டில் அண்ணன், பத்திரத்தில் பங்குதாரர், உற்பத்திக்குப் பொறுப்பானவர் எல்லாம் ஒருவரே. அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்த ரெனாட்டோ டாகியுரியும் ஜான் டேவிஸும் 1970-களின் பிற்பகுதியில் இதைக் குடும்பம், உடைமை, நிர்வாகம் என்று ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார்கள். மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியில் நிற்பவர் ஒரு வார்த்தை சொன்னால், அது எந்த வட்டத்திலிருந்து வந்தது என்று எதிரில் இருப்பவருக்கு விளங்குவதில்லை. சொன்னவருக்கே பல நேரம் விளங்குவதில்லை.

திருப்பூரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஒரு பனியன் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணனிடம் கட்டிங், தையல். தம்பியிடம் கணக்கு, வங்கி. காசோலையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை: அண்ணன் அடித்த கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தம்பியின் மாமனார் பெயர் விட்டுப்போயிருக்கிறது. திங்கட்கிழமை சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய காசோலை தம்பியின் மேஜையிலேயே கிடக்கிறது. “பில்லைச் சரிபார்க்கணும்” என்கிறார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. பில்லைச் சரிபார்ப்பது அவர் வேலைதான். ஆனால் பத்திரிகை வராதிருந்தால் அது பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டுக் கோபம் எப்போதும் இப்படி நியாயமான அலுவலகக் காரணம் ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் வரும். அதனால் யாரும் அதை நேரடியாக எதிர்த்துக் கேட்க முடியாது.

பழைய பாக்கி வராததால் சாயப்பட்டறை துணியை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை கட்டிங் மேஜை காலி. “அடுத்த ஆர்டர் துணியை எடுத்து வெட்டுங்க” என்று சூப்பர்வைசரிடம் பெரிய முதலாளி சொல்கிறார். ஒரு மணி நேரம் கழித்து, “அந்தத் துணியை யாரைக் கேட்டுத் தொட்டீங்க?” என்கிறார் சின்ன முதலாளி. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமைக் கூலி குறையும் என்று தெரிந்ததும் இரண்டு பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பத்திரிகையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்கள்.

இதில் அதிகம் நசுங்குபவர் சூப்பர்வைசர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கானும் அவருடைய குழுவினரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நிலையைத்தான் எடுத்துப் பேசியது. ஒருவரிடம் ஒன்றுக்கொன்று முரணான எதிர்பார்ப்புகளை வைத்தாலும், பொறுப்பின் எல்லையைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டாலும் அவருக்கு மன இறுக்கம் கூடுகிறது, வேலையில் திருப்தி குறைகிறது. குடும்பக் கம்பெனியில் இன்னொன்றும் சேர்கிறது. பிற இடங்களில் முரண்பாட்டை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லலாம். இங்கே மேலிடமே அந்த இரண்டு பேர்தான். அண்ணனிடம் முறையிட்டால் தம்பிக்கு எதிரி என்று பெயர். எனவே அவர் எதையும் தானாக முடிவெடுக்காமல் காத்திருக்கப் பழகுகிறார். முதலாளிகள் அதைச் சோம்பல் என்று நினைக்கிறார்கள்.

பதவியில் இருக்கும் உறவினர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. சம்பளத்துக்கு வந்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். தம்பி அதே அண்ணனோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். அங்கே மறுபடி துணியும் காசோலையும்தான் பேச்சு.

சண்டை கம்பெனிக்குள் புகுந்துவிட்டதை அறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கொடுத்த உத்தரவு அன்றே மாற்றப்படுகிறதா, பங்காளிகள் இருவரும் மூன்றாம் ஆள் மூலம் செய்தி சொல்லி அனுப்புகிறார்களா, ஒரு கையெழுத்துக்கு வழக்கத்தைவிட எத்தனை நாள் கூடுதலாகிறது என்று கவனித்தால் போதும்.

பல வீடுகளில் மனக்கசப்பின் வேர் பணத்தில் இருக்கிறது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் வேலை செய்யும் பங்குதாரருக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. சம்பளம் எழுதாத இடத்தில் தேவைப்பட்டபோது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கமாகிறது. யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கு பேரேட்டில் இருக்கிறதோ இல்லையோ, வீட்டுப் பெண்களின் நினைவில் இருக்கும். மாதம் இவ்வளவு என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

அதே பத்திரத்தில் யார் எதை முடிவெடுப்பார் என்பதையும் எழுதலாம். குறிப்பிட்ட தொகை வரையிலான பில்லுக்கு ஒரு கையெழுத்து போதும் என்று வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். துணி, ஆள், நேரம் பற்றி சூப்பர்வைசருக்கு உத்தரவிடுபவர் ஒருவர் மட்டுமே என்று இருவரும் அவர் முன்னாலேயே சொல்லிவிடலாம். சாதாரண விஷயங்களில் பெரும்பான்மை முடிவு செல்லும் என்று 12-ஆம் பிரிவு சொன்னாலும், பங்குதாரர்கள் இரண்டே பேர் என்றால் பெரும்பான்மைக்கு இடமில்லை. அதனால் இருவரும் ஏற்கும் மூன்றாம் ஆளை, ஆடிட்டரையோ தாய்மாமனையோ, சண்டை இல்லாத நாளில் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். இவற்றால் விட்டுப்போன மாமனார் பெயர் பத்திரிகையில் ஏறிவிடாது. அந்த வருத்தம் வீட்டில் பேசித்தான் தீர வேண்டும். செவ்வாய்க்கிழமை துணி மட்டும் வந்து சேரும்.