ஓர் எலக்ட்ரான் கட்டிப்போடும் இரண்டு புரோட்டான்கள்

ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு புரோட்டான்களும் ஒரே ஓர் எலக்ட்ரானும்தான். இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால்தான் பிணைப்பு என்று பள்ளியில் படித்தோம். ஆனால் இந்த அயனி சிதறுவதில்லை. புரோட்டான்கள் 1.06 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிலைத்து நிற்கின்றன.

எலக்ட்ரானை ஓர் அலையாகப் பார்த்தால் இது விளங்கும். அது முதல் புரோட்டானோடு மட்டும் இருந்தால் அதற்கு ஓர் அணு ஆர்பிட்டால், இரண்டாவதோடு இருந்தால் இன்னொன்று. புரோட்டான்கள் நெருங்கும்போது இந்த இரண்டு அலைகளும் மேற்பொருந்துகின்றன. அவற்றைக் கூட்டவும் செய்யலாம், கழிக்கவும் செய்யலாம். கூட்டினால் கிடைப்பது பிணைப்பு ஆர்பிட்டால், கழித்தால் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்.

எலக்ட்ரான் ஓரிடத்தில் இருப்பதற்கான வாய்ப்பு அலையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.06 ஆங்ஸ்ட்ராமில் மேற்பொருந்தலின் அளவு சுமார் 0.59. இதைக் கொண்டு கணக்கிட்டால், சரிநடுவில் எலக்ட்ரான் அடர்த்தி, இரண்டு அணுக்களும் ஆளுக்குப் பாதியாக எலக்ட்ரானை வைத்திருந்தால் இருக்கக்கூடியதைவிட 26 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே! புரோட்டான்கள் இருக்கும் இடத்திலேயே அடர்த்தி 20 சதவீதம் குறைந்திருக்கிறது.

கழித்தல் நேர்மாறானது. நடுவில் இரண்டு அலைகளும் சம அளவில் இருப்பதால் முற்றிலும் ரத்தாகி, அங்கே எலக்ட்ரான் அடர்த்தி பூஜ்யமாகிவிடுகிறது. இந்த நிலையின் ஆற்றல், தனி அணு ஒன்றும் தனிப் புரோட்டான் ஒன்றும் சேர்ந்த ஆற்றலைவிட அதிகம். அதிலும் பிணைப்பு நிலை எவ்வளவு இறங்குகிறதோ, அதைவிட அதிகமாகவே எதிர்பிணைப்பு நிலை ஏறுகிறது. பிணைப்பு நிலையில் இருக்கும் எலக்ட்ரானை ஒளியால் மேலே தூக்கி இங்கே வைத்தால், அயனி ஒரு ஹைட்ரஜன் அணுவாகவும் ஒரு புரோட்டானாகவும் பிரிந்துவிடும்.

இந்த எளிய கூட்டல் எவ்வளவு தூரம் சரி? இங்கே ஒரே எலக்ட்ரான் என்பதால், புரோட்டான்களை அசையாதவையாக வைத்துக்கொண்டால் சமன்பாட்டைத் துல்லியமாகவே தீர்க்கலாம். 1927-லேயே பர்ராவ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். துல்லியக் கணக்கில் பிணைப்பின் ஆழம் 2.79 எலக்ட்ரான் வோல்ட். எளிய கூட்டலோ 1.76 மட்டுமே தருகிறது, இடைவெளியையும் 1.32 ஆங்ஸ்ட்ராம் என்று நீட்டிவிடுகிறது.

பிழை எங்கே என்பதும் தெரிந்ததே. மூலக்கூறுக்குள் வந்த பிறகும் தனி அணுவின் ஆர்பிட்டால் அதே பருமனோடு இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டு புரோட்டான்களின் இழுப்பில் அது சுருங்குகிறது. அணுக்கருவின் மின்சுமை 1 அல்ல, 1.24 என்பதுபோல் வைத்துச் சுருக்கினால், இடைவெளி 1.06-க்கே வந்துவிடுகிறது, ஆழம் 2.35 ஆகிறது. அதற்குமேல், ஆர்பிட்டால் தன் கோள வடிவத்தைவிட்டு மற்ற புரோட்டானின் பக்கம் சற்றே சாயவும் இடம் கொடுத்தால், மீதிக் குறையிலும் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.