சாய்ந்த படத்தில் ஒரு நிரூபணம்

வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பும் பிள்ளைகள் பெரும்பாலும் நோட்டுக்கு நேர் மேலே கேமராவைப் பிடிப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து, இருந்த இடத்திலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். கூட்டல் கழித்தல் என்றால் எழுத்து தெரிந்தால் போதும். வடிவியல் நிரூபணத்தைத் திருத்தும்போதோ ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தப் படமே கோணலாக வந்தால் எதை நம்புவது?

நம்பத்தக்கவை சில உண்டு. சாய்த்து எடுத்தாலும் நேர்கோடு நேர்கோடாகவே விழும். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி வெட்டும் புள்ளியாகவே இருக்கும். எந்தப் புள்ளி எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது, எது எதற்கு நடுவில் வருகிறது என்பதும் மாறாது. மாறுபவை நீளம், கோணம், இணைத்தன்மை. கேமராவுக்கு அருகில் உள்ள பாதி பெரிதாகவும் தள்ளியுள்ள பாதி சிறிதாகவும் தெரியும். கேமராவை விட்டு விலகிச் செல்லும் இணைகோடுகள் ஒன்றையொன்று நெருங்குவதுபோல் தெரியும். ஆகவே சமம், செங்கோணம், இணை ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்து ஏற்கக் கூடாது. கோட்டின் மேல் போட்ட சிறு குறுக்குக்கோடும் அம்புக்குறியும் வினாவில் கொடுத்தவைதானா என்று பார்த்தே ஏற்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ABCD ஒரு நாற்கரம். மூலைவிட்டங்கள் AC, BD இரண்டும் E-யில் வெட்டுகின்றன. AB ∥ DC, AE = EC என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ABCD ஓர் இணைகரம் என நிரூபிக்க வேண்டும். மாணவி நோட்டின் இடப்பக்கத்திலிருந்து படமெடுத்திருக்கிறாள். திரையில் அளந்தால் AE 23 மி.மீ., EC 18 மி.மீ. கீழே உள்ள AB-யும் மேலே உள்ள DC-யும் வலப்பக்கம் போகப் போக நெருங்குகின்றன. இடமும் வலமும் உள்ள AD, BC இரண்டும் மட்டும் பார்வைக்கு நல்ல இணைகோடுகளாகத் தெரிகின்றன.

அவள் எழுதிய முதல் வரி: AE = EC, காரணம் ‘கொடுக்கப்பட்டது’. திரையில் 5 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் வரி சரி. இரண்டாவது: ∠BAE = ∠DCE, காரணம் ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்த இரண்டு கோடுகளுக்கு, எந்தக் குறுக்குவெட்டியில்? கோணங்களின் பக்கங்களை விரலால் தொடர்ந்தால் AB, DC இரண்டையும் AC வெட்டுவது தெரியும். AB ∥ DC கையில் இருக்கிறது, சரி. மூன்றாவது: ∠AEB = ∠CED, ‘குத்தெதிர்க் கோணங்கள்’. இதற்கு A, E, C ஒரே கோட்டிலும் B, E, D ஒரே கோட்டிலும் இருந்தால் போதும். மூலைவிட்டங்கள் வெட்டுகின்றன என்று வினாவே சொல்லிவிட்டது. திரையில் அளவுகோலை வைத்தாலும் தெரியும். சாய்ந்த படத்தில் துணிந்து பார்க்கக்கூடிய காரணம் இது ஒன்றுதான். இந்த மூன்றையும் சேர்த்து, கோ-ப-கோ விதிப்படி △ABE ≅ △CDE, அதனால் BE = ED என்கிறாள். A-க்கு C, B-க்கு D என்று எழுத்து வரிசையும் பொருந்துகிறது.

ஆறாவது வரியில்தான் சிக்கல். ∠EBC = ∠EDA, ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’ என்று எழுதியிருக்கிறாள். மறுபடியும் விரலை ஓட்டினால் குறுக்குவெட்டி BD, அது வெட்டும் கோடுகள் AD, BC. அவை இணை என்று யார் சொன்னது? வினாவில் இல்லை, படத்தில் அம்புக்குறியும் இல்லை. நிரூபிக்க வேண்டியதே அதுதான். முடிவை எடுத்துக் காரணமாக வைத்துவிட்டாள். இரண்டு கோணங்களும் சமம் என்பது உண்மை. காரணம் மட்டும் செல்லாது. இப்படிப்பட்ட வரியைத்தான் திருத்துபவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் கூற்றைப் பார்த்ததும் மனம் ‘சரிதானே’ என்று தாண்டிவிடும். அதிலும் இந்தப் படத்தில், உண்மையில் இணை என்று கொடுத்த கோடுகள் இணையாகத் தெரியவில்லை. கொடுக்காத கோடுகள் இணையாகத் தெரிகின்றன.

நான்கு மூலைகளையும் பிடித்துப் பக்கத்தை நிமிர்த்தித் தரும் ஸ்கேன் செயலிகள் இங்கே ஓரளவே உதவும். தாள் தட்டையாக இருந்தால் மட்டுமே கணக்கு சரிவரும். நோட்டு நடுவில் புடைத்திருந்தால் நேர்கோடே வளைந்துவிடும், அப்போது அளவுகோல் சோதனையும் பொய்க்கும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: நோட்டில் அச்சிட்ட கோடுகள் வளைந்திருந்தால் படமும் வளைந்திருக்கிறது. நன்றாக நிமிர்ந்தாலும் கிடைப்பது பிள்ளை கையால் வரைந்த உருவம்தான். AD-யும் BC-யும் இணை என்பதற்கு அது ஆதாரமாகாது.

அந்த வரியைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வேண்டாம். BE = ED என்று ஐந்தாவது வரியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். AE = EC கொடுக்கப்பட்டது. இடையில் உள்ள ∠BEC, ∠DEA இரண்டும் குத்தெதிர்க் கோணங்கள். ப-கோ-ப விதிப்படி △BEC ≅ △DEA. அதிலிருந்து ∠EBC = ∠EDA கிடைக்கிறது, அந்தச் சமத்திலிருந்து AD ∥ BC வருகிறது. அவள் எழுதிய அதே கூற்று அப்படியே நிற்கும். அதன் காரணத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்.