கண்ணாடியில் விழுந்த ஃபிளாஷ்

சட்டம் போட்ட பழைய கல்யாணப் படத்தைக் கைபேசியில் எடுத்தால், மணமகன் முகத்தில் ஃபிளாஷ் வெள்ளைத் திட்டாக விழுந்துவிடும். திட்டு முழு வெள்ளையாகிவிட்டால் அதற்கடியில் மீட்க எதுவும் பதிவாகியிருக்காது. வெளிச்சத்தைக் குறைத்தால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும்.

சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வழி சுலபம். ஃபிளாஷை அணைத்து, அறை வெளிச்சத்தில் இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் கைபேசியை ஓரடி பக்கவாட்டில் நகர்த்தினால் பிரதிபலிப்பும் இடம் மாறும். முதல் படத்தில் மறைந்த முகம் இதில் தெளிவாகக் கிடைக்கும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் தெளிவான முகமுள்ள படத்தைத் திறந்து, `Open as Layers` மூலம் மற்றதை அதன் மேல் வைக்கலாம். மேலடுக்கைப் பாதி ஒளிபுகவிட்டு, பக்கவாட்டில் எடுத்ததால் வந்த கோணலை `Perspective` கருவியால் சரிசெய்து, சட்டத்தின் நான்கு மூலைகளையும் பொருத்த வேண்டும். பொறுமையைச் சோதிப்பது இந்த வேலைதான். கண்ணோ புடவைக் கரையோ இரட்டையாகத் தெரிந்தால் இன்னும் பொருந்தவில்லை. பொருந்தியதும் ஒளிபுகுதலை நீக்கி, மேலடுக்குக்கு வெள்ளை `Layer Mask` சேர்த்து, திட்டின் மேல் மிருதுவான கறுப்புத் தூரிகையை ஓட்டினால் அடியிலுள்ள முகம் தெரியும்.

ஒரே படம்தான் இருக்கிறதென்றால்? வெறும் சுவர்ப் பின்னணியைக் குளோன் கருவியால் ஒட்டுப்போடலாம். சான்றிதழின் பதிவு எண்ணையோ கையெழுத்தையோ அப்படி நிரப்பினால் அது கற்பனைதான்.